திறப்பு விழாவுக்கு அடுத்த வருஷம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். என் மகள் அங்கே ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஊருக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கம்பெனியிலிருந்து போன வாரம் ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கு ஆர்.ஓ. குடிநீர் பிளான்ட் வைத்துத் தருகிறோம், முன்வாசலில் கம்பெனி பெயர் போட்டு ஓர் ஆர்ச்சும் கட்டித் தருகிறோம் என்றார்கள். சி.எஸ்.ஆர். பணமாம். மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டுமாம். திறப்பு விழாவை வீடியோ எடுத்துப் போடுவார்களாம்.

குழுவில் பாதிப் பேர், "நல்ல தண்ணி வருதுல்ல, வாங்கிப் போடுவோம்" என்கிறார்கள். மீதிப் பேர், "நம்ம பிள்ளைகளை நிறுத்தி வச்சு விளம்பரம் தேடுறாங்க" என்கிறார்கள். அந்தக் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு பி.எஃப். ஒழுங்காகக் கட்டுவதில்லை என்று ஒரு பேச்சும் இருக்கிறது. அவர்கள் செய்வது கடமையா, கெட்டிக்கார விளம்பரமா? நாங்கள் வாங்கலாமா, கூடாதா?

— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர், உசிலம்பட்டி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்குங்கள். ஆனால் ஆர்ச் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை வேறொன்றுக்குக் கேளுங்கள். எதற்கு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எழுத்துக்கு வெளியே எனக்கு ஒரு வேலை இருந்தது. மதுரையில் ஓர் அறக்கட்டளையில் பல வருஷம் களப்பணி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். கம்பெனிகள் தருகிற பணத்தை வாங்கிக் கிராமங்களில் வேலை செய்து முடித்து, பில்லும் போட்டோவும் அனுப்புவது எங்கள் பொறுப்பு. அதனால் நீங்கள் பார்த்த அந்த வருகையை நான் எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில், இந்த சி.எஸ்.ஆர். என்பது என்ன பணம் என்று தெரிந்துகொள்வோம். 2013ஆம் வருஷக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிவிட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தையாவது சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். நம் பக்கத்து நடுத்தரக் கம்பெனிகளை இழுத்துவிடுவது பெரும்பாலும் அந்த 5 கோடி லாபம்தான். ஒரு கம்பெனிக்கு வரிக்கு முந்தைய லாபம் 6 கோடி, 8 கோடி, 10 கோடி என்று மூன்று வருஷம் வந்திருக்கிறது என்று வையுங்கள். சராசரி 8 கோடி. அதில் 2 சதவீதம் 16 லட்சம். இந்தப் 16 லட்சத்தை அந்த வருஷம் அவர்கள் செலவழித்தே ஆக வேண்டும். எதற்கு என்பதற்குச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. பாதுகாப்பான குடிநீர், கல்வி இரண்டும் அதில் உண்டு. தொழில் நடக்கிற இடத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது சட்டம். உங்கள் பள்ளியைத் தேடி வந்ததற்கு அது ஒரு காரணம்.

ஆக, கடமையா என்ற பாதிக்குப் பதில் ஆகிவிட்டது. கடமைதான், சட்டம் போட்ட கடமை. உங்கள் குழு அவர்களுக்கு முன்னால் கூச்சப்பட்டு நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இது முதலாளி மனமிரங்கித் தந்த தானம் இல்லை. அந்தப் பணம் எப்படியும் கம்பெனியை விட்டுப் போக வேண்டியது. எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பது மட்டும்தான் அவர்கள் கையில் இருக்கிறது.

விளம்பரமா என்ற பாதிக்கும் சட்டம் ஒரு கோடு கிழித்திருக்கிறது. தன் பொருளுக்கோ சேவைக்கோ விற்பனை ஆதாயம் தேடி ஸ்பான்சர் செய்வது சி.எஸ்.ஆர். ஆகாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். மாரத்தான், விருது விழா, டி.வி. நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் மாதிரி ஒரே நாளில் முடிகிற சமாச்சாரங்கள் இந்தக் கணக்கில் வராது என்று மத்திய அரசு 2014 ஜூனிலேயே சுற்றறிக்கை விட்டது. வருமான வரியிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பேப்பரில் ஒரு லட்சத்துக்கு விளம்பரம் கொடுத்தால் அதைத் தொழில் செலவாகக் காட்டி லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். அதே ஒரு லட்சத்தை சி.எஸ்.ஆரில் செலவழித்தால் தொழில் செலவாகக் கழிக்க முடியாது. விளம்பரம் மட்டுமே நோக்கம் என்றால் சி.எஸ்.ஆர். அவர்களுக்கு நஷ்டமான வழி. ஆனால் எப்படியும் போகப்போகிற பணம் என்று ஆன பிறகு, போகிற போக்கில் கொஞ்சம் பேரும் கிடைக்கட்டும் என்ற ஆசை வருகிறது. ஆர்ச்சும் வீடியோவும் அந்த ஆசைதான்.

பேர் வருவதைப் பற்றி எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நம் ஊரில் கொடையும் பேரும் என்றைக்குமே சேர்ந்துதான் வந்திருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வந்து திரும்புகிற வழியெல்லாம் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் இருக்கின்றன. இந்த மண்டகப்படி இன்ன குடும்பத்தாருடையது, இன்ன சமூகத்தாருடையது என்று ஊருக்கே தெரியும். அதில் அவர்களுக்கு இருக்கும் பெருமையை யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஏன் என்றால் மண்டகப்படி ஒரு வருஷத்துச் செலவு இல்லை. அப்பா செய்தார் என்றால் மகன் செய்ய வேண்டும். வியாபாரம் நொடித்த வருஷத்திலும் கடனை வாங்கியாவது பந்தல் போட்டுவிடுகிறார்கள். சாமி வரும்போது மண்டபம் இருட்டாக இருந்துவிடக் கூடாது என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கம்பெனிகளிடம் நான் தேடியதும் அந்தப் பயத்தைத்தான். அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

இனி ஒரு பள்ளியின் கதை. நான் கூட இருந்து செய்த வேலை, அதனால் இதில் என் பங்கும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் ஒரு கம்பெனியிலிருந்து எங்கள் அறக்கட்டளைக்குப் போன் வந்தது. கையில் 5 லட்சம் மிச்சம் இருக்கிறது, மார்ச் 31க்குள் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். இந்த அவசரத்துக்கும் காரணம் உண்டு. வருஷ முடிவில் செலவாகாமல் நிற்கிற பணத்தை, அது பல வருஷத் திட்டத்துக்கானதாக இல்லாவிட்டால், ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இதில் எது குறைவோ அது அபராதம். அங்கே கட்டினால் கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஜனவரி, பிப்ரவரியில் எங்களுக்குப் போன் மேல் போன் வரும். மூன்று வாரத்தில் முடிகிற வேலை, ஒரே பில், பளிச்சென்று போட்டோ, இந்த மூன்றுக்கும் ஆர்.ஓ. பிளான்ட் மாதிரிப் பொருந்துவது வேறு எதுவும் இல்லை. நம் பக்கத்துப் பள்ளிகளில் இத்தனை ஆர்.ஓ. பிளான்ட்கள் நிற்பதற்கு விளம்பர ஆசையைவிட மார்ச் 31தான் பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

நாங்கள் செல்லம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியைச் சொன்னோம். 140 பிள்ளைகள். பள்ளி போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,650 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர அளவுப்படி 500 வரை இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் வாயில் வைக்கமாட்டார்கள், வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவருவார்கள். கொண்டுவராத பிள்ளைகள் மதியம் வரை தாகத்தோடு இருக்கும். தேவை உண்மையானதுதான்.

மணிக்கு 500 லிட்டர் தருகிற பிளான்ட், தகர ஷெட், தரைக்கு டைல்ஸ், குழாய்கள் எல்லாம் சேர்த்து 4 லட்சத்து 60 ஆயிரம். மார்ச் கடைசி வாரம் திறப்பு விழா. அன்றைக்கு வெளியே வந்த தண்ணீரின் டி.டி.எஸ். 80. ஒரு சின்னப் பெண் டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, "பாட்டில் தண்ணி மாதிரியே இருக்கு சார்" என்றாள். அந்த வீடியோவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வேலை முடிந்தது, தண்ணீர் வருகிறது, பணம் முழுக்கச் செலவானது என்று நாங்கள் சான்று எழுதிக் கொடுத்தோம். அதை வைத்துக் கம்பெனியின் நிதித் தலைவர் தன் போர்டுக்குச் சான்று கொடுத்தார். எல்லாச் சான்றும் அன்றைய தேதிக்கு உண்மை.

2024 ஜூலையில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன் பள்ளிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஷெட்டில் பூட்டுத் தொங்கியது. சத்துணவு சமைக்கிற அம்மாதான் சாவி எடுத்துவந்து திறந்தார். "போன வருஷமே உப்புக் கரிக்க ஆரம்பிச்சுருச்சுய்யா. அப்புறம் தண்ணி நூல் மாதிரி வந்துச்சு. அப்புறம் அதுவும் இல்ல" என்றார். அழுத்தம் காட்டுகிற மீட்டரின் கண்ணாடிக்குள் புழுதி. ஒரு மூலையில் வெள்ளை கேன் காலியாகக் கிடந்தது. சுவரில் கம்பெனியின் பெயர்ப் பலகை மட்டும் நேற்று மாட்டியது போல இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், உங்கள் பள்ளியிலும் இதுவேதான் நடக்கும். ஆர்.ஓ. என்பது தண்ணீரை அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளுவது. மெம்ப்ரேன் என்பார்கள். 500 லிட்டர் பிளான்டுக்கு வழக்கமாக அந்த மாதிரிக் குழல் இரண்டு இருக்கும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர், பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு மெம்ப்ரேன் மேலும் ஏறும். ஏறாமல் இருக்க ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்க வேண்டும். காலியாகக் கிடந்த கேன் அந்த மருந்துதான். திறப்பு விழா அன்று நிரம்பி இருந்தது. தீர்ந்த பிறகு யார் வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கார்ட்ரிட்ஜையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு அதையும் யாரும் மாற்றவில்லை.

பள்ளிக்கூடம் என்பதால் இன்னொரு சங்கடமும் உண்டு. மே மாதம் முழுக்க லீவு. ஒரு மாதம் ஓடாமல் கிடந்தால் மெம்ப்ரேனுக்குள் தேங்கிய தண்ணீரில் பாசி போல வழவழப்பு படரும். மூடுவதற்கு முன்னால் கழுவி விட வேண்டும், திறக்கும்போதும் முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதை யாரும் அந்தப் பள்ளிக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

மருந்து, கார்ட்ரிட்ஜ், சர்வீஸ் ஆள் கூலி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய மெம்ப்ரேனுக்காக எடுத்து வைப்பது, கரண்டு என எல்லாம் சேர்த்து அந்தப் பிளான்டுக்கு வருஷத்துக்குச் சுமார் 35 ஆயிரம் ஆகும் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று வருஷத்துக்கு 1 லட்சத்து 5 ஆயிரம். பிளான்ட் வைத்த செலவில் கால் பங்குகூட இல்லை. அந்தக் கால் பங்கு இல்லாததால் முழுப் பணமும் பூட்டிய ஷெட்டுக்குள் கிடந்தது.

சட்டப்படி அந்தச் சொத்து கம்பெனியின் பெயரில் இருக்கக் கூடாது. பள்ளி, ஊராட்சி போன்ற பொது அமைப்பிடமோ, பதிவு பெற்ற அறக்கட்டளையிடமோ, பயன்பெறுகிறவர்களின் குழுவிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். விதியின் நோக்கம் நல்லதுதான், கம்பெனி அதை நாளைக்குப் பிடுங்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் சொத்தோடு சேர்ந்து பராமரிப்பும் கைமாறுகிறது, அதற்கான பணம் கைமாறுவதில்லை. தலைமையாசிரியர் ஒரு வருஷம் தன் கைக்காசில் கார்ட்ரிட்ஜ் வாங்கியிருக்கிறார். அவருக்கு மாறுதல் வந்தது. அத்தோடு முடிந்தது.

இதைக் கம்பெனியில் யாராவது வந்து பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். ஒரு திட்டம் உண்மையில் பலன் தந்ததா என்று வெளியாளை வைத்து ஆய்வு செய்யும் கட்டாயம், சராசரியாக வருஷத்துக்கு 10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிகளுக்குத்தான். அதிலும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்குத்தான். 5 லட்ச ரூபாய் பிளான்டைத் தேடிக்கொண்டு டெல்லியிலிருந்தும் வரமாட்டார்கள், கம்பெனியிலிருந்தும் வரமாட்டார்கள். கடமைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனியாக ஒரு சி.எஸ்.ஆர். கமிட்டிகூடத் தேவையில்லை, போர்டே முடிவு செய்துகொள்ளலாம். நம் பக்கத்துக் கம்பெனிகளில் அதற்கு அர்த்தம், முதலாளியும் கணக்கரும் ஒரு சாயங்காலம் பேசி முடிப்பது. ஆக, தணிக்கை செய்யப்போவது உங்கள் குழு ஒன்றுதான்.

சரி, ஆர்ச்சுக்குப் பதில் எதைக் கேட்பது? மூன்று வருஷப் பராமரிப்பைக் கேளுங்கள். "அது முடியாதுங்க, இந்த வருஷப் பணத்தை இந்த வருஷமே முடிக்கணும்" என்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. 2021 ஜனவரியில் வந்த திருத்தம் தொடர் திட்டம் என்ற ஒன்றுக்குத் தெளிவான வழி கொடுத்திருக்கிறது. தொடங்கிய வருஷத்தைத் தவிர்த்து மேலும் மூன்று வருஷம் வரை ஒரு திட்டம் நீளலாம். போர்டு அப்படி முடிவெடுத்து எழுதிவிட்டால், மார்ச் 31 அன்று செலவாகாமல் இருக்கும் பாக்கியை 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள், வங்கியில் அதற்கென்றே திறந்த தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். அதிலிருந்து வருஷா வருஷம் உங்கள் பிளான்டுக்கு எடுத்துச் செலவழிக்கலாம். அபராதம் இல்லை, நிவாரண நிதிக்குப் போய்விடுமே என்ற பயமும் இல்லை. ஆர்ச்சுக்கு ஒதுக்கிய ஒன்றரை, இரண்டு லட்சம் அந்தக் கணக்குக்குப் போனால் உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் நல்ல தண்ணீர் நிச்சயம். செல்லம்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கு நாங்கள் வேலை செய்தபோது இந்த விதி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கம்பெனியிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமையல் அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

இந்தக் கேள்வியை அவர்கள் முன்னால் வையுங்கள், நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கே கிடைத்துவிடும். "ஆர்ச் வேண்டாம், அந்தத் தொகையை மூன்று வருஷப் பராமரிப்பாக மாற்றித் தொடர் திட்டமாக எழுதித் தருவீர்களா?" அவர்கள் யோசித்து, ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லி, திரும்பியும் வந்தால், அங்கே தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு மனிதராவது இருக்கிறார். ஆர்ச் இல்லாவிட்டால் பிளான்டும் இல்லை என்றால், அவர்கள் வாங்க வந்தது உங்கள் வாசலை. அதற்கு வாடகை என்ன என்று பேச வேண்டுமே தவிர நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஒரு கம்பெனி உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்று நம்மால் பார்க்க முடியாது. ஒரு கம்பெனிக்குள்ளேயே பத்து மனசு இருக்கும். உண்மையிலேயே பிள்ளைகளுக்காக ஓடியாடுகிற இளம் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன், அதே கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆள் பேனரின் அளவுக்காகச் சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். மனசைத் தேடாதீர்கள். இரண்டாவது வருஷத்துக் கார்ட்ரிட்ஜுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பாருங்கள்.

வேறு ஊர்களுக்கு அவர்கள் செய்ததையும் விசாரியுங்கள். csr.gov.in என்ற அரசுத் தளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால் எந்த வருஷம் எதற்கு எவ்வளவு செலவழித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று வரும். கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் ஒரு பக்கம் இருக்கும். அதில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஏதாவது இருந்தால் ஒரு நாள் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தது இப்போது ஓடுகிறதா? அரை நாள் வேலை, ஆனால் எந்த ஆண்டறிக்கையும் சொல்லாததை அது சொல்லும். நடுவில் அறக்கட்டளை ஏதாவது வந்தால், CSR என்று தொடங்கும் பதிவு எண் அவர்களுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத அமைப்பு மூலம் கம்பெனி இந்தப் பணத்தைச் செலவழிக்க முடியாது.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் போர்வெல் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். டி.டி.எஸ். 600, 700தான், ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்றவையும் அளவுக்குள் இருக்கின்றன என்றால் ஆர்.ஓ. வேண்டியதே இல்லை, ஒரு நல்ல மணல் ஃபில்டரும் குளோரினும் சுத்தமான தொட்டியும் போதும். ஆர்.ஓ. ஒரு பங்கு நல்ல தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒரு பங்கு உப்புத் தண்ணீரை வெளியே தள்ளும். உசிலம்பட்டிப் பக்கம் போர்வெல்லில் வருகிற தண்ணீரைப் பாதி கொட்டுவது சின்ன விஷயம் இல்லை. தேவை இருந்தால் வையுங்கள், அப்போது அந்தக் கழிவு நீரைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிடச் சொல்லி ஆரம்பத்திலேயே வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு குழாய் பதிக்க யாரும் வரமாட்டார்கள்.

பி.எஃப். விஷயத்தை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். சேர்த்துப் பேசினால் இரண்டுமே கெட்டுப்போகும். தன் தொழிலாளர்களுக்கான சலுகை எதையும் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டக் கூடாது, வேறு எந்தச் சட்டத்தின்படி செய்ய வேண்டியதையும் இதில் சேர்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த விதியின் நியாயம் எனக்குப் பிடிக்கும். பிடித்த பணத்தைக் கட்டாமல் இருப்பது அந்தப் பெண்களுக்குப் பட்ட கடன். பள்ளிக்குப் பிளான்ட் வைத்தால் அந்தக் கடன் ஒரு ரூபாயும் குறையாது. அதே சமயம், பேச்சு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். பேச்சோடு விடாமல் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண் உண்டு. அதை வைத்து பி.எஃப். பாஸ்புக்கைப் போனிலேயே பார்க்கலாம், எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள் என்று வரி வரியாக இருக்கும். கூலிச் சீட்டில் பிடித்த தொகையையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மாதங்கள் விட்டுப்போயிருந்தால், அந்தப் பெண்களே மதுரை பி.எஃப். அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும். காண்ட்ராக்டர் கட்டாவிட்டாலும் வேலை வாங்குகிற கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் குழுவில் எழுதத் தெரிந்தவர்கள் உதவி செய்யுங்கள். "பிளான்ட் தருகிறார்களே, இந்த நேரத்தில் மனு எதற்கு" என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சி.எஸ்.ஆர். பணம் வந்த பல ஊர்களில் நான் கண்ட மிக மோசமான பக்கவிளைவு அந்த ஒரு வாக்கியம்தான்.

வீடியோவைப் பற்றி. எடுக்கட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் வீடியோ செலவும் பந்தல் செலவும் அவர்களுடைய விளம்பரக் கணக்கில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிளான்டுக்கு எவ்வளவு, வேறு எதற்கு எவ்வளவு என்று தொகை பிரித்த தாளில் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி நன்றி சொல்ல வைப்பதை நான் அனுமதிக்க மாட்டேன், நீங்களும் அனுமதிக்காதீர்கள். உங்கள் மகளுக்கு நல்ல தண்ணீர் கிடைப்பது அவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய காரியம் இல்லை.

பெயர்ப் பலகையைத் தாராளமாக மாட்டட்டும். அதற்குக் கீழே ஒரு சின்னக் கரும்பலகை வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், தேதி, உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் என்று பிள்ளைகளே எழுதட்டும். டி.டி.எஸ். மீட்டர் பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். 15 லிட்டர் குடத்தை பிளான்டிலிருந்து வரும் குழாயில் நேராகப் பிடித்தால் 500 லிட்டர் பிளான்டில் 2 நிமிஷத்துக்குள் நிறைந்துவிடும். 3 நிமிஷம் ஆகிறது, வெளித் தண்ணீரின் உப்பும் ஏறுகிறது என்றால் மெம்ப்ரேன் அடைக்கிறது. அன்றைக்கே கழுவினால் பிழைக்கும், நூல் மாதிரி வரும்வரை விட்டால் புதிதுதான் வாங்க வேண்டும். மருந்து கேனில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே இறங்கினால் போன் பண்ண வேண்டிய ஆளின் பெயரையும் அந்தப் பலகையில் எழுதுங்கள். அந்த ஆள் கம்பெனிக்காரராக இருக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

குழுக் கூட்டம் என்றைக்கு என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். என்னிடம் ஒரு மீட்டர் இருக்கிறது, கொண்டுவருகிறேன். கம்பெனி ஆட்கள் வருவதற்கு முன்னால் உங்கள் போர்வெல்லை ஒருமுறை பார்த்துவிடுவோம்.